அலிட்டரேஷன், அசொனன்ஸ், கான்சொனன்ஸ்: நம் மோனை எதுகையோடு இவற்றை எப்படிப் பொருத்துவது?

பென்னாகரத்து அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் அலிட்டரேஷன், அசொனன்ஸ், கான்சொனன்ஸ் என்று மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. அதே வாரம் தமிழில் மோனை, எதுகை, இயைபு. இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. பள்ளி விழாவுக்காக ஒகேனக்கல் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாள். மோனை நிறைய இருக்கிறது, ஆனால் படித்தால் ஏதோ ஒட்டவில்லை. ஒலி விளைவு சரியாக வரவில்லை என்று நினைக்கிறேன். அவள் எழுதியது:

மலையில் மலர்ந்து மகிழ்ந்து மிதந்து
மங்கை காவிரி மெல்ல வருகிறாள்
பாறையைப் பார்த்துப் பயமின்றித் துள்ளிப்
பரிசல்காரர் பாட்டைக் கேட்கிறாள்

எங்கே தவறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம் மாணவன்

அண்ணா, இது சுலபம். அலிட்டரேஷன் என்றால் மோனை, கான்சொனன்ஸ் என்றால் எதுகை, அசொனன்ஸ் என்றால் இயைபு. நேருக்கு நேர் மூன்றுக்கு மூன்று. "அகர முதல" குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். அகர, ஆதி மோனை. அகர, பகவன் எதுகை. இரண்டிலும் க வருகிறது, அதனால் கான்சொனன்ஸ். பாப்பாவுக்கு இப்படியே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பாலக்கோடு மைக்செட்

வணக்கம் சார். ஒலி விளைவு என்றால் விழா மேடையில் அருவிச் சத்தம் போடுவதைத்தானே கேட்கிறீர்கள்? பென் டிரைவில் கொண்டு வந்தால் போதும், பின்னால் மெதுவாக ஓடவிடலாம். ஆனால் பாப்பா மைக்கில் படிக்கும்போது ப வருகிற வரிகளில் வாயை மைக்குக்கு நேராக வைக்க வேண்டாம். மூன்றாவது வரியில் பாறை, பார்த்து, பயம் என்று அடுத்தடுத்து ப. ஒவ்வொன்றுக்கும் காற்று போய் மைக்கில் இடிக்கும், ஸ்பீக்கரில் டொப் டொப்பென்று கேட்கும். கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பென்னாகரத்து அப்பா

அண்ணா, நான் கேட்டது எழுத்துக்குள் இருக்கும் ஓசையைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், நன்றி.

தகடூர் தமிழம்மா

பாலக்கோட்டுத் தம்பி கேள்வியை வேறாக எடுத்துக்கொண்டாலும், இந்த விஷயத்தின் வேரைத் தொட்டுவிட்டார். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மாணவத் தம்பிக்கு.

நேருக்கு நேர் பொருந்தாது தம்பி. அலிட்டரேஷனும் மோனையும் நெருக்கம், அது சரி. ஆனால் ஆங்கிலத்தில் பார்ப்பது ஒலியை மட்டும், எழுத்தை அல்ல. எட்கர் ஆலன் போ 1845இல் வெளியிட்ட 'தி ரேவன்' கவிதையில் ஒரு வரி: "சில்கன், சேட், அன்சர்ட்டன் ரஸ்லிங் ஆஃப் ஈச் பர்ப்பிள் கர்ட்டன்". திரைச்சீலை சரசரக்கிறது. அந்த ஸ ஒலி சில்கன், சேட், அன்சர்ட்டன், ரஸ்லிங் நான்கிலும் இருக்கிறது. அன்சர்ட்டனில் எழுதுவது வேறு எழுத்து, கேட்பது அதே ஒலி. சர்ட்டன், பர்ப்பிள், கர்ட்டன் மூன்றுக்கும் நடுவில் ஒரே உயிரொலி. அங்கேயும் எழுத்து மாறுகிறது, காதுக்கு ஒன்றுதான். ஸ ஒலி சொல்லின் முதலில் வந்தால் அலிட்டரேஷன், நடுவிலோ கடைசியிலோ வந்தால் கான்சொனன்ஸ், உயிரொலி திரும்பினால் அசொனன்ஸ். ஒரே வரியில் மூன்றும் இருக்கின்றன.

நம் எதுகை அப்படி இல்லை. அதற்கு இடம் முக்கியம். இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், அதோடு முதல் எழுத்து இரண்டிலும் குறிலாகவோ இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். நீ சொன்ன அகர, பகவன் இரண்டிலும் க மட்டுமா திரும்புகிறது? முன்னால் அ, பின்னால் க, அதாவது உயிரும் மெய்யும் சேர்ந்தே திரும்புகின்றன. அசொனன்ஸும் கான்சொனன்ஸும் அங்கே பிணைந்து கிடக்கின்றன. இயைபு என்பது அடிகளின் கடைசி ஒன்றுவது. அதை அசொனன்ஸ் என்று சொல்ல வழியே இல்லை. உயிரொலி மட்டும் திரும்புவதற்கு மோனை, எதுகை போலத் தனித் தொடை நம்மிடம் கிடையாது. ஆனால் தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 20 வண்ணங்களில் நெடில் பயின்று வருவது நெடுஞ்சீர் வண்ணம், வல்லெழுத்து பயின்று வருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து பயின்று வருவது மெல்லிசை வண்ணம். ஓசையால் உண்டாகும் விளைவைப் பற்றிக் கேட்டால், தொடையைவிட இந்த வண்ணம்தான் உங்கள் கேள்விக்கு அருகில் வரும்.

காரிமங்கலம் மாணவன்

சரிங்க அம்மா, திருத்திக்கொள்கிறேன். ஒரு பாட்டை வைத்துக் காட்ட முடியுமா? வண்ணம் என்று பெயர் தெரிந்தாலும் காதில் பிடிபடவில்லை.

தகடூர் தமிழம்மா

நம் ஊர்ப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். தகடூர்தான் இன்றைய தருமபுரி. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது, புறநானூறு 235. முதலில் அர்த்தம் பார்க்காமல் இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள்.

சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே
பெரியகட் பெறினே
யாம்பாடத் தான்மகிழ்ந் துண்ணும் மன்னே
சிறுசோற் றானும் நனிபல கலத்தன் மன்னே
பெருஞ்சோற் றானும் நனிபல கலத்தன் மன்னே
என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே
அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தானிற்கும் மன்னே
நரந்தம் நாறும் தன்கையால்
புலவுநாறும் என்தலை தைவரும் மன்னே

கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, மகிழ்ந்து தானும் குடிப்பான். சோறு சிறிதானாலும் பெரிதானாலும் பல கலங்களில் பலரோடு உண்பான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு. நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான்.

மன்னே 7 முறை வருகிறது. மன் என்ற இடைச்சொல்லுக்கு இங்கே 'அதெல்லாம் போயிற்றே' என்று பொருள். பாலக்கோட்டுத் தம்பி சொன்னது இங்கேதான் உதவுகிறது. ப, ட, க போன்றவற்றில் காற்றை அடைத்து உடைக்கிறோம், உடைந்ததும் ஒலி முடிந்துவிடும். ம், ன் அப்படி இல்லை. மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். மன்னே என்று சொல்லிப் பாருங்கள். வாய் மூடித் திறக்கிறது, ன்ன என்று மூக்கில் நிற்கிறது, ஏ என்று நீள்கிறது. ம ஒன்று, ன் அரை, னே இரண்டு, ஆக மூன்றரை மாத்திரை. ஒப்பாரியில் ஒவ்வொரு வரி முடிவிலும் இழுப்பார்களே, அந்த இடத்தில் ஔவையார் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்.

அரூர் வாசகன்

டீச்சர், நான் மேடையில் கவிதை வாசிக்கிறவன். இதைத்தான் நானும் எல்லோரிடமும் சொல்கிறேன்: ம, ன வந்தால் சோகம், க, ட வந்தால் கோபம். எந்த உணர்வு வேண்டுமோ அந்த எழுத்தைப் போட்டால் போதும்.

தகடூர் தமிழம்மா

அதை மட்டும் ஏற்க மாட்டேன் தம்பி. மகிழ்ச்சியில் ம இல்லையா? மணம், மஞ்சள், மல்லிகை எல்லாவற்றிலும் ம தானே. மூக்கொலி நீளும், அவ்வளவுதான் அதன் குணம். எதற்காக நீள்கிறது என்பதைப் பொருள்தான் முடிவு செய்யும். இழவு வீட்டில் நீண்டால் புலம்பல், தொட்டிலருகே நீண்டால் தாலாட்டு. எழுத்துக்கு உணர்வைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் பட்டியலைப் பார்த்து எழுதுவார்கள், காதால் கேட்க மாட்டார்கள்.

ஓசை வேலை செய்கிறதா என்று அறிய நான் வகுப்பில் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளுள்ள வேறு சொல்லை வைத்துப் படிக்கச் சொல்வேன். 'நரந்தம் நாறும் தன்கையால்' என்பதை 'நரந்தம் கமழும் தன்கையால்' என்று மாற்றுங்கள். பொருள் கெடவில்லை, அந்தக் காலத்தில் நாறும் என்றாலும் மணக்கும்தான். ஆனால் நரந்தம், நாறும் என்ற மோனை போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு அடுத்த அடியில். அவன் கைக்கும் நாறும், என் தலைக்கும் நாறும் என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருந்தார். மணக்கும் அரசன் கையும் புலால் தலையும் அந்த ஒரு ஒலியால் ஒட்டிக்கொண்டிருந்தன. கமழும் என்றதும் கை வேறு, தலை வேறு ஆகிவிடுகிறது. மாற்றிய பிறகு ஒன்றும் குறையவில்லை என்றால், அந்த மோனை வெறும் அலங்காரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் அக்கா

நான் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், பள்ளியில் தமிழ் படித்தேன். தெலுங்கில் பிராசம் என்று உண்டு. ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்தின் மெய் ஒன்ற வேண்டும், அதன்மேல் உயிர் மாறலாம். அது உங்கள் எதுகை போலவே இருக்கிறதே அம்மா? தமிழிலும் உயிர் மாறலாமா?

தகடூர் தமிழம்மா

மாறலாம் அம்மா, அதற்கு வருக்க எதுகை என்று பெயர். இந்தப் பாட்டின் கடைசியிலேயே அழகான ஒன்று இருக்கிறது. 'சூடாது வைகியாங்குப் பிறர்க்கு ஒன்று ஈயாது வீயும் உயிர்தவப் பலவே'. துறையில் பூத்த பகன்றைப் பூ யாரும் சூடாமல் வீணாவது போல, பிறருக்கு ஒன்றும் கொடுக்காமல் மாயும் உயிர்கள் மிகப் பல என்கிறார். ஈயாது, வீயும். இரண்டாம் எழுத்து யா, யு, மெய் ஒன்று, உயிர் வேறு. முதல் எழுத்தில் ஈ என்ற உயிரொலியும் ஒன்றாகவே இருக்கிறது. எதுகை அதைக் கேட்கவில்லை, நெடிலாக இருந்தால் போதும் என்றுதான் கேட்கிறது. ஔவையார் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அசொனன்ஸ் என்றால் என்ன என்று பாப்பா கேட்டால் இந்த இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லுங்கள். கொடுக்காததும் சாவதும் காதில் ஏறக்குறைய ஒரே சொல்லாகிவிடுகின்றன.

காரிமங்கலம் மாணவன்

அம்மா, நானும் ஒன்று கண்டுபிடித்தேன். 'என்பொடு தடிபடு' என்பதில் பொடு, தடி, படு என்று ட மூன்று முறை வருகிறது. மோனையும் இல்லை, எதுகையும் இல்லை. இதுதானே சுத்தமான கான்சொனன்ஸ்? எலும்பு கடிக்கும் சத்தம் மாதிரி கேட்கிறது. அடுத்த வரியில் 'வேல்நுழை வழியெல்லாம்' என்று ல, ழ வந்து வழுக்குகிறது, வேல் உடம்பில் இறங்குவது மாதிரி.

அரூர் வாசகன்

தம்பி, வழியெல்லாம் என்பது இரண்டு வரியிலும் இருக்கிறது. அது எலும்பு வரியில் வழுக்காமல் வேல் வரியில் மட்டும் எப்படி வழுக்கும்? இது நாமாக ஏற்றிச் சொல்வது.

காரிமங்கலம் மாணவன்

வேல்நுழை என்ற சொல்லால்தான் சொன்னேன் அண்ணா. என் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது.

தகடூர் தமிழம்மா

ட மூன்று முறை வருவது கண்ணால் காட்டக்கூடியது, கான்சொனன்ஸ் என்று தாராளமாகச் சொல். எலும்புச் சத்தம் என்பது உன் வாசிப்பு. நடுவில் ஒற்றையாக வரும் ட அவ்வளவு கடுமையாக ஒலிப்பதில்லை என்பதையும் பார். பட்டு என்பதையும் படு என்பதையும் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிக்கும். கடலில் இருக்கும் க வேறு, தங்கத்தில் இருக்கும் க வேறு, அகலில் இருப்பது வேறு. எழுத்தை எண்ணிவிட்டு வல்லினம் நிறைய இருக்கிறது, கடுமையாக ஒலிக்கும் என்று முடிவு கட்டும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வல்லினம் சொல்லின் முதலிலோ இரட்டித்தோ வந்தால்தான் கடுமை முழுதாகக் கிடைக்கும்.

ஓசூர் அக்கா

சிறிய, பெரிய எதுகைதானே? முதல் இரண்டு வரியும் அதனால்தான் இனிக்கின்றன என்று நினைத்தேன்.

அரூர் வாசகன்

ஆமாம் அக்கா, அருமையான எதுகை.

தகடூர் தமிழம்மா

இலக்கணப்படி இல்லை. சிறிய என்பதில் றி, பெரிய என்பதில் ரி. ஒன்று வல்லினம், ஒன்று இடையினம். இன எதுகைகூட ஆகாது.

அரூர் வாசகன்

டீச்சர், நம் மாவட்டத்தில் யார் றவையும் ரவையும் வேறாகச் சொல்கிறார்கள்? பேச்சில் இரண்டும் ஒன்றுதான். போ கவிதையில் எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றானால் போதும் என்றீர்கள். இங்கே மட்டும் எழுத்தைப் பார்ப்பது எப்படிச் சரி?

தகடூர் தமிழம்மா

நியாயமான கேள்வி. ஔவையார் காதில் இரண்டும் வேறு ஒலிகள், அதனால் அவர் அதை எதுகையாக வைத்திருக்க மாட்டார். அவர் வைத்தது சிறிய, பெரிய என்ற முரண். இன்று எழுதுகிறவர் காதை நம்பி றவையும் ரவையும் எதுகையாக வைத்தால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன், ஆனால் மனசுக்குள் கொஞ்சம் தயங்கித்தான் குறைப்பேன்.

பென்னாகரத்து அப்பா

அம்மா, மகளும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வரிகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

தகடூர் தமிழம்மா

பாப்பாவிடம் காது இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. சிக்கல் முதல் வரியில். மலையில் மலர்ந்து மகிழ்ந்து மிதந்து. நான்கு சீரும் ம. ஆனால் ஒகேனக்கல்லில் காவிரி மலர்வதும் இல்லை, மிதப்பதும் இல்லை, இடிக்கிறாள். மலர்ந்து என்ற சொல் மோனைக்காக வந்தது, ஆற்றுக்காக வரவில்லை. ஓசை மெல்லக் கொண்டுபோகிறது, கண்முன் இருக்கும் காட்சி கடுமையாக இருக்கிறது. ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது அதனால்தான். உள்ளே இரண்டு ஓசை வேண்டும். விழும்போது ஒன்று, விழுந்த பிறகு பரிசல் போகும் இடத்தில் ஒன்று. அந்த மாற்றத்தை வரிகளுக்கு நடுவே வைத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். ப, ச, த முன்பாதிக்கு. ஆ, ஊ, ஓ போன்ற நெடில்கள் பின்பாதிக்கு. நேரில் நின்று கேட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டு எழுதட்டும்.

ஓசூர் அக்கா

ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள்படும். ஹொகெ என்றால் புகை. பாப்பா புகையையும் எங்காவது சேர்க்கலாம்.

பென்னாகரத்து அப்பா

இரண்டு நாள் ஆயிற்று. இது அவள் மறுபடி எழுதியது.

பாறை பிளந்து படபடத்துப் பாய்ந்து
சீறிச் சிதறித் திசையெல்லாம் தெறித்து
ஓய்ந்து நீண்டு மெல்ல வளைந்து
ஊர்கிறாள் அம்மா, ஓசையே இல்லை

புகையைச் சேர்க்க இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறாள். இரண்டாவது வரியில் ச பாதி, த பாதி வந்துவிட்டது, மோனை உடைந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

தகடூர் தமிழம்மா

உடையவில்லை கண்ணு. தமிழில் சவும் தவும் மோனைக்கு இனம். உயிரும் பொருந்த வேண்டும்: இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். சீ, சி, தி, தெ நான்கும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. நான்கு சீரிலும் வந்ததால் முற்று மோனை. ஆங்கில ஆசிரியர் இதை அலிட்டரேஷன் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு இரண்டும் வேறு ஒலி. அவர் கேட்டால் முதல் வரியைக் காட்டு, நான்கும் ப. பாறை, சீறி என்று எதுகையும் வந்திருக்கிறது. நெடில், அடுத்து ற.

பின்பாதியில் ஓ, நீ, ஊ, ஆ, ஓ, ஏ என்று நெடில் வரிசையாக வருகிறது. 'ஊர்கிறாள்' என்பதை 'செல்கிறாள்' என்று மாற்றிப் பார், என்ன போகிறது என்று தெரியும். ஊ, ஓ மோனையும் போகும், வேகமும் கூடிவிடும்.

அரூர் வாசகன்

கடைசி வரி அருமை. ஆனால் ஓய்ந்து, வளைந்து என்று மூன்றாவது வரியிலும் ந்து, மேலே பிளந்து, பாய்ந்து என்றும் ந்து. நான்கு வரியில் இத்தனை ந்து காதுக்கு அலுக்கிறது. 'மெல்ல வளைந்து' என்பதை எடுத்துவிடலாமே?

பென்னாகரத்து அப்பா

கேட்டேன். எடுக்க மாட்டாளாம். அருவிக்குக் கீழே ஆறு உண்மையிலேயே வளைகிறது, நான் பரிசலில் போய்ப் பார்த்தேன் என்கிறாள்.

பாலக்கோடு மைக்செட்

சார், முதல் வரியில் இப்போது நான்கு ப. பாப்பாவை ஒரு நாள் முன்னால் கூட்டி வாருங்கள், மைக்கில் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும். முதல் இரண்டு வரிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், ஓய்ந்து என்று வரும்போது மைக் பக்கத்தில் வரட்டும். மெதுவாகச் சொன்னாலும் கடைசி வரிசைவரை கேட்கும்.